நாற்காலி 6, ஒயர் சுருள் 400

எங்கள் குழுவின் விழாச் சாமான்களுக்கு ஒரு கூகுள் ஷீட்தான் கணக்குப்பிள்ளை. உதவிக்கு வரும் எல்லோருக்கும் அதில் எழுதும் உரிமை இருந்தது. அந்தத் தாராளத்துக்குக் கூலி ஒரு நாள் கிடைத்தது.

புதிதாக வந்த தம்பிக்கு ஒழுங்கு என்றால் உயிர். பொருள்களின் பெயர் அகர வரிசையில் இல்லையே என்று மனம் பொறுக்காமல், பெயர் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து Sort range கொடுத்துவிட்டார். பெயர்கள் இடம் மாறின. பக்கத்தில் இருந்த எண்கள் அசையவில்லை. நாற்காலி 400, மேசை 40, மைக் 6, கூடாரம் 3, ஒயர் சுருள் 12 என்று இருந்தது, ஒயர் சுருள் 400, கூடாரம் 40, நாற்காலி 6, மேசை 3, மைக் 12 ஆகிவிட்டது.

“அண்ணே, இப்ப எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க!”

நீட்டாகத்தான் இருந்தது. ஊரையே கட்டிப்போடும் அளவுக்கு ஒயர். கீழே ‘மொத்தம்’ என்று சரிபார்ப்புக்கு ஒரு கட்டம் வைத்திருந்தோம். அது முன்பும் 461, இப்போதும் 461. எண்களே நகராதபோது கூட்டுத்தொகை எப்படி மாறும்? அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. இன்னொருவர் இரண்டு நாற்காலி எடுத்துக்கொண்டு, ‘நாற்காலி’ பக்கத்தில் இருந்த 6-ஐ நல்ல பிள்ளையாக 4 ஆக்கிவிட்டும் போனார். நூறு பேர் வரும் கூட்டத்துக்கு நான்கு நாற்காலி என்றதும்தான் ஒருவர் அலறினார்.

File → Version history → See version history திறந்தோம். யார் எந்தக் கட்டத்தைத் தொட்டார் என்று நிறம் போட்டுக் காட்டியது. பெயர் நெடுவரிசை முழுக்கத் தம்பியின் நிறம். உடனே எல்லோரும் “Restore கொடுங்க” என்றார்கள். கொடுத்தால் மற்ற தாள்கள் உட்பட முழுக் கோப்பும் அந்தப் பழைய நேரத்துக்குப் போய்விடும். நடுவில் மற்றவர்கள் சரியாக எழுதியதும் கூடவே போய்விடும். பிறகு வரலாற்றிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்றாலும், அது இரட்டை வேலை.

ஆகவே பழைய பதிப்பின் மூன்று புள்ளியைத் தட்டி Make a copy கொடுத்து, அந்த நகலிலிருந்து பெயர்களை மட்டும் எடுத்து இப்போதைய தாளில் ஒட்டினோம். அப்புறம், வரிசை மாறிய பின் திருத்தப்பட்ட எண்களைத் தேடினோம். 6 இருந்த கட்டம் உண்மையில் மைக்குடையது. அதை மறுபடி 6 ஆக்கி, நாற்காலியை 398 ஆக்கினோம். இரண்டு மைக் காணவில்லை என்று வீண்பழி விழாமல் தப்பியது.

முதல் பாதுகாப்பாக, கைவைத்தால் எச்சரிக்கை மட்டும் வரும்படி வைத்தோம். தம்பி அதைப் படிக்காமலே OK கொடுத்தார். எச்சரிக்கையைப் படிக்கிற மனிதரை நானும் இன்னும் பார்த்ததில்லை. சரி என்று, Data → Protect sheets and ranges போய் கையிருப்புத் தாளையே பூட்டி, திருத்தும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தோம்.

உதவியாளர்களுக்கு ‘பதிவு’ என்று தனித் தாள். A-யில் தேதி, B-யில் பொருள், C-யில் எண்ணிக்கை. வந்தால் கூட்டல், போனால் கழித்தல். அன்றைய இருப்பையே முதல் வரவாக எழுதினோம். பொருள் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் டிராப்டவுன் வைத்தோம். ‘நாற்காலி’க்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்தால்கூட ஷீட்டுக்கு அது வேறு பொருள். கையிருப்பில் யாரும் எண் எழுதுவதில்லை. B2-வில் இது இருக்கிறது, கீழே வரைக்கும் இழுத்துவிட்டோம்:

```
=SUMIFS('பதிவு'!C:C, 'பதிவு'!B:B, A2)
```

இனிப் பெயர்களை யார் எப்படிக் கலைத்தாலும், பெயருக்குரிய எண் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும். பொருள் எங்கே இருக்கிறது என்று அதே தாளில் கையால் எழுதிய அலமாரி எண் மட்டும் அப்படி வராது. அதற்குத்தான் பூட்டு.

ஆனால் எங்களைக் காப்பாற்றிய பதிப்பு வரலாறு கோப்புக்குள்ளேயே குடியிருக்கிறது. கோப்பு போனால் அதுவும் போச்சு. குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் தங்கும். ஆகவே வாரம் ஒருமுறை காப்புப் பிரதி என்று முடிவு செய்து, முதலில் டிரைவிலேயே நகல் எடுத்து வைத்தோம். அடுத்த வாரம் பார்த்தால், ஒருவர் அந்த நகலைத் திறந்து மும்முரமாக வரவு எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு ஷீட், இரண்டு உண்மை.

இப்போது xlsx ஆக இறக்கி, பெயரில் தேதியும் போட்டு, பென் டிரைவில் வைக்கிறோம். அதில் வரலாறு இருக்காது, அன்றைய நிலவரம் மட்டும்தான். பென் டிரைவ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தம்பி கேட்டிருக்கிறார். அதை மட்டும் ஷீட்டில் எழுதவில்லை.