கடார நாவலும் ஒரு பென்சிலும்

2 ஜூன் 2024, ஞாயிறு

வாசகர் வட்டத்தில் அடுத்து பேச வேண்டிய நாவல் கைக்கு வந்துவிட்டது. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதை. தலையணை கனம். பினாங்கில் இருந்துகொண்டு இதைப் படிப்பதில் ஒரு தனி ருசி உண்டு. வானம் தெளிவாக இருக்கிற நாளில் வடக்கே கெடாவின் குனோங் ஜெராய் மலை தெரியும். அந்தக் கெடாதான் பழைய கடாரம். கதை நடக்கிற இடமே அதன் அடிவாரம்தான்.

ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் மெய்க்கீர்த்தி வரிகள் இரண்டு, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளைப் பாடும் பகுதியிலிருந்து. வரிகள் அசல். அதனாலேயே கீழே வரும் பத்துப் பக்கத்தையும் மனசு அசல் என்று எடுத்துக்கொள்கிறது. கெட்டிக்கார எழுத்தாளர்.

ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவதாக முடிவு. கல்வெட்டோ செப்பேடோ சொன்னதற்கு ‘க’. ஆசிரியர் கட்டியதற்கு ‘ந’. கதாநாயகி, ஒற்றன், கள்ளத்தோணிக்காரன் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘ந’. அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. அவர்களை யாரும் வரலாறு என்று நம்பப் போவதில்லை.

5 ஜூன், புதன்

வேலை முடிந்து வந்து மெய்க்கீர்த்தியை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் படித்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முழுதாக இருக்கிறது, ராஜேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டு. கடாரப் பகுதி இப்படித் தொடங்குகிறது: ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’. அப்புறம் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை யானைகளோடு ‘அகப்படுத்து’, அவன் குவித்து வைத்திருந்த பெருநிதியை எடுத்து, நகரத்துப் போர்வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணத்தையும் மணிக்கதவையும் கொண்டு, பிறகு ஊர்ப் பெயர்கள். அவ்வளவுதான்.

நாவலில் பாதிப் பக்கம் ராஜேந்திரன் கப்பல் தளத்தில் நிற்கிறான். கல்வெட்டில் அவன் கலம் செலுத்துகிறான்; ஏறினான் என்று இல்லை. கங்கைப் படையெடுப்பையே தளபதிதான் நடத்தினான், மன்னன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதை வைத்துப் பார்த்தால் கடல் தாண்டி மன்னன் நேரே வந்தான் என்பதற்கு நான் ‘ந’ தான் போடுவேன். கப்பல் எத்தனை, வீரர் எத்தனை, தளபதி யார், எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள்? கல்லில் ஒன்றும் இல்லை. நாவலில் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது.

இன்னொன்று. நாவலில் கடாரத்து அரசன் வாள்சண்டையில் சாகிறான். நல்ல காட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்வெட்டில் அவன் பிடிபடுகிறான். பிறகு என்ன ஆனான் என்ற பேச்சே இல்லை. கல் மௌனமாக இருக்கிற இடத்தை நிரப்புவது நாவலாசிரியரின் உரிமை. கல் வாய் திறந்து சொன்னதை மாற்றுவது வேறு. இதற்கு ‘ந’ போதாது, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன்.

9 ஜூன், ஞாயிறு

காலையில் மேசையில் வரைபடத்தை விரித்தேன். நாவலில் கடற்படை மெய்க்கீர்த்தி வரிசைப்படியே ஊர் ஊராக அடித்துக்கொண்டு போகிறது. கல்வெட்டிலேயே வரிசை இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

சரி, விரலை வைத்துப் பார்ப்போம். முதலில் ஸ்ரீவிஜயம், அதாவது தெற்கு சுமத்ராவின் பாலெம்பாங். பண்ணையும் மலையூரும் அதே சுமத்ரா. மலையூர் ஜாம்பிப் பக்கம். பிறகு இலங்காசோகம், தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பட்டாணிப் பக்கம். உடனே மாப்பப்பாளம், அதைப் பர்மாக் கரையில் வைக்கிறார்கள். பிறகு தலைத்தக்கோலம், மேற்குக் கரை. மாதமாலிங்கம் மறுபடி கிழக்குக் கரை, இன்றைய நக்கோன் சி தம்மராட். பிறகு சுமத்ராவின் வட முனையில் இலாமுரிதேசம். அதற்கும் அப்புறம் மாநக்கவாரம், அதாவது நிக்கோபார். கடைசியில் கடாரம். பட்டியலில் நடுவே வரும் வளைப்பந்தூறு எங்கே என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சோழநாட்டிலிருந்து கீழ்த்திசைக்கு வரும் கப்பல் நிக்கோபாரைத் தாண்டித்தான் மலாக்கா நீரிணைக்குள் நுழையும். பட்டியலில் அது கடைசிக்கு முந்தியது. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இப்படி மாறி மாறித் தாவ வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் சிங்கப்பூர் முனையைச் சுற்ற வேண்டும். எந்த மாலுமியும் இப்படி ஓட்ட மாட்டான். இது வென்ற ஊர்களை அடுக்கிய புகழ்ப் பட்டியல், பயணக் குறிப்பு இல்லை. ஆக ஊர்ப் பெயர்களுக்கு ‘க’, வழித்தடத்துக்கு ‘ந’. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு குறி போட வேண்டி வந்தது இங்கேதான்.

15 ஜூன், சனி

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரோடு மெர்போக் போய் வந்தேன். அருங்காட்சியக வளாகத்தில் புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலின் மிச்சம். படிகளும் கருங்கல் அடித்தளமும் இருக்கின்றன. தூண் நின்ற இடத்தில் கல் அடிப்பீடங்கள் மட்டும். மேலே இருந்தது மரமாக இருக்க வேண்டும், மிச்சமில்லை.

“சார், இது ராஜேந்திரன் கட்டின கோயில்னு நாவல்ல வருது” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வந்தவன் இங்கேயே தங்கி கோயில் கட்டினானா, இல்ல தோரணத்தைப் பிடுங்கிட்டுப் போனானா? மெய்க்கீர்த்தியில எது இருக்கு?” என்று திருப்பிக் கேட்டார்.

சோழப் படை வந்ததைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் மெர்போக் இருக்கிற இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைக்கவில்லை. இந்தியத் தொடர்பு மட்டும் ராஜேந்திரனுக்குப் பல நூறு வருடம் முந்தியது. புத்தகுப்தன் என்ற மாலுமியின் சமஸ்கிருதக் கல்வெட்டை 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்தது நம் செபராங் பிறையில்தான். அது 5ஆம் நூற்றாண்டு. வணிகர் வந்து போன ஊர் இது. நாவலில் அந்த அறுநூறு வருடத்தையும் ஒரே மன்னன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

திரும்பும்போது சுங்கைப் பட்டாணியில் ரொட்டி சானாய். சார் கடைசிவரை எனக்குக் காசு கொடுக்க விடவில்லை.

22 ஜூன், சனி

மீதி இருந்தது காரணம். நாவலில் கடாரத்தான் தமிழ் வணிகரைச் சிறைப்பிடிக்கிறான், ராஜேந்திரன் பொங்கி எழுகிறான். மெய்க்கீர்த்தியில் காரணமே கிடையாது. வணிகப் போட்டி, சீனத்துக்குப் போகும் கடல்வழி என்று ஆய்வாளர்கள் சொல்வதும் ஊகந்தான். ஆனால் ஊகம் என்று சொல்லிவிட்டுச் சொல்கிறார்கள்.

ஆசிரியர் தொடாமல் விட்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடாரத்து அரசகுலம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். தகப்பனுக்குப் பின் அந்தக் கொடையைச் செப்பேட்டில் நிலைப்படுத்தியவனே ராஜேந்திரன்தான். லைடனில் வைத்திருந்த பெரிய செப்பேடு அது. அந்த மனிதன் பிறகு ஏன் கப்பல் அனுப்பினான் என்பதுதான் உண்மையான மர்மம். நாவல் அதைக் கோபக்காரன் கதையாகச் சுருக்கிவிட்டது.

முடிவும் அப்படியே. கடைசி அத்தியாயத்தில் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசு தரைமட்டம், கடாரத்தில் புலிக்கொடி. ஆனால் 1028இலேயே ஸ்ரீவிஜயத் தூதர்கள் சீன அரசவையில் நிற்கிறார்கள். சொங் வம்சக் குறிப்பில் இருக்கிறது. படையெடுப்பு 1025 வாக்கில். அழிந்துபோன அரசு மூன்று வருடத்தில் தூது அனுப்பாது. பிறகு ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். புலிக்கொடி நிலையாகப் பறந்திருந்தால் இந்த வேலைக்கு அவசியம் வந்திருக்காது.

மெய்க்கீர்த்திக்கு நான் கண்ணை மூடி ‘க’ போட்டதும் கொஞ்சம் தாராளந்தான். அது சோழ அரசவையின் குரல்; தோற்றவன் பக்கத்தில் இந்தப் போரைப் பற்றி ஒரு வரிகூட நம் கையில் இல்லை. வட்டத்தில் பேசும்போது இங்கிருந்துதான் தொடங்குவேன். அப்புறம் வாள்சண்டைக்கு வருவோம். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.