பசி வரட்டும் என்று காத்திருந்ததுதான் நான் செய்த தப்பு

வேலையில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று அறிவித்துவிட்டு, யார் யார் என்று சொல்ல ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் நான் 62 கிலோவிலிருந்து 58 கிலோவுக்கு வந்துவிட்டேன்.

காலையில் ஒரு வாய் வைத்தால் அது உள்ளே இறங்காது, மென்று மென்று வாயிலேயே கிடக்கும். சரி, பசிக்கும்போது சாப்பிடலாம் என்று விட்டுவிட்டு மாலை வரை நாலு காபியில் ஓட்டினேன். நாலு மணிக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேலை போகப்போகிறது என்பதற்கு அதையே அறிகுறி மாதிரி எடுத்துக்கொண்டு இன்னும் பயப்படுவேன். அதில் பாதி வெறும் வயிறும் காபியும் செய்த வேலை என்று அப்போது தெரியவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவு பதினொரு மணிக்கு அலமாரி முன்னால் நின்றபடியே ஒரு முழு பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்திருப்பேன், ருசிகூட நினைவிருக்காது. மறுநாள் அந்தக் குற்ற உணர்ச்சியில் காலைச் சாப்பாட்டை வேண்டுமென்றே விடுவேன். திரும்ப அதே சுற்று.

முதலில் பார்த்த டாக்டர் எடைகூடப் பார்க்கவில்லை. "டென்ஷன் ஆகாதீங்க, நல்லா சாப்பிடுங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். சாப்பிட முடியவில்லை என்றுதானே போனேன்! அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று பசி தூண்டும் டானிக் ஒன்றை நானாகவே வாங்கிக் குடித்தேன். அதில் இருந்தது சைப்ரோஹெப்டடின். அடிப்படையில் அது அலர்ஜி மருந்து, தூக்கம் தள்ளும். மதியம் முழுக்கத் தூங்கி, இருந்த ஒரு வேளைச் சாப்பாடும் போனது. டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது டாக்டர் எடை பார்த்தார், தைராய்டு பரிசோதனை எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே நடுக்கம், படபடப்பு, எடைக் குறைவு எல்லாம் வருமாம். எனக்கு சரியாகவே இருந்தது. முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே காட்டிவிட வேண்டும் என்றார். நான் ஆறே வாரத்தில் அதைத் தாண்டியிருந்தேன்.

அவர் அனுப்பிய உணவு ஆலோசகர்தான் எனக்கு வழி காட்டினார். பயத்தில் உடம்பு ஓடத் தயாராகும்போது இரைப்பை காலியாவது மெதுவாகிவிடும், அதனால்தான் ரெண்டு வாயிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று விளக்கினார். "பசியைக் கேட்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. ராத்திரியைச் சரி பண்ண வேண்டாம், காலையைச் சரி பண்ணுங்க."

மூன்று மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்தேன்: 7:30, 10:30, 1:30, 4:30, 7:30. முதல் வாரம் காலையில் ஒரு டம்ளர் பால், பாதி வாழைப்பழம், அவ்வளவுதான். மெல்ல முடியாதபோது குடிப்பது சுலபமாக இறங்குகிறது. சூடான சாப்பாட்டின் வாசனையே குமட்டினால் ஆறவைத்துச் சாப்பிடலாம். தட்டு நிறைய இருந்தால் பார்த்ததுமே தொண்டை அடைத்தது, சின்னக் கிண்ணத்துக்கு மாறினேன். காபியை விடச் சொல்லவில்லை, சாப்பிட்ட பிறகு குடிக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் சொதப்பினேன். ஒரு மீட்டிங்கில் 1:30 தவறிப்போக, 4:30க்கு இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வாந்தி வருவது மாதிரி ஆகி, இரவு எதுவும் வேண்டாம் என்று படுத்துவிட்டேன். தவறியதை ஈடுகட்டக் கூடாது, அடுத்த அலாரத்தில் வழக்கமான அளவோடு தொடர்ந்தால் போதும்.

இரவு பிஸ்கட்டையும் அவர் தடுக்கவில்லை. 9:30க்கு நாலு பிஸ்கட், தட்டில் வைத்து, உட்கார்ந்து. முந்தின இரவு என்ன சாப்பிட்டிருந்தாலும் காலை 7:30 பாலை விடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, இதுதான் அதிகம் உதவியது. பகலில் வயிற்றுக்கு ஏதாவது போக ஆரம்பித்ததும் பதினொரு மணி அலமாரி வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்கள் திடீரென்று முழுச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது, ரத்தத்தில் உப்புகளின் அளவு ஆபத்தாகக் குறையலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். பதற்றத்துக்கு மாத்திரை தொடங்கிய புதிதில் பசி இன்னும் குறைந்தாலும், நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே சொல்லுங்கள்.

பத்தாவது நாள் 10:15க்கு, அலாரம் அடிக்கும் முன்பே வயிறு இரைந்தது. அழுகையே வந்துவிட்டது. வேலை இருக்கிறது, எடை இப்போது 60. அலாரங்களை இன்னும் அணைக்கவில்லை.