அந்தக் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது தேதியைத்தான்

சங்கச் செயலாளர் அண்ணன் இன்று டீக்கடையில் தன் டிஸ்மிஸ் ஆர்டரை நீட்டினார். காரணம், "ஒழுங்கீனம்".

நான் தேதியைத்தான் பார்த்தேன். போனஸ் தாவா தொழிலாளர் அதிகாரி முன் சமரசப் பேச்சில் இருக்கும்போதே போட்டிருக்கிறார்கள்.

"பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் லிஸ்ட்ல உங்க பேர் இருக்காண்ணே?"

இருக்கிறது. சங்கம் கொடுத்த பட்டியலை நிர்வாகம் எழுத்தில் ஏற்ற கடிதமும் பத்திரமாக இருக்கிறது.

மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேருக்கு இந்த அந்தஸ்து உண்டு. தாவா நிலுவையில் இருக்கும்வரை, அதை விசாரிக்கும் அதிகாரியின் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் இவர்களை நீக்க முடியாது. எந்தக் குற்றச்சாட்டாக இருந்தாலும் சரி. மீறினால் தொழிலாளியே நேரடியாகப் புகார் கொடுக்கலாம், அரசு அனுப்பிவைக்கக் காத்திருக்க வேண்டாம்.

பல சங்கங்கள் கோட்டைவிடுவது அந்தப் பட்டியலில்தான். கொடுக்காவிட்டால் இந்த முன் அனுமதிக் கவசம் இல்லை.

நிர்வாகமே தொடங்கிவைத்த புதுச் சங்கத்துக்கு மாறியவர்களுக்கு மட்டும் ஓவர்டைம் கிடைக்கிறதாம். அதுவும் சட்டம் தடுத்திருக்கும் நியாயமற்ற தொழில் நடைமுறைதான். ஆனால் நிரூபிக்க ஓவர்டைம் பதிவேடு வேண்டும்.

அதனால் முதலில் அண்ணனின் புகார். ஆர்டர் நகலும் ஏற்புக் கடிதமும் இணைத்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.