காரின் டயர் சென்சார்களுக்கு மறுபடி இடம் சொல்லிக்கொடுத்தது

அக்டோபர், முதல் சனிக்கிழமை. மிச்சிகனில் குளிர் இறங்குவதற்கு முன் எனது 2014 செவர்லே குரூஸ் காரின் நான்கு சக்கரங்களையும் வீட்டிலேயே இடம் மாற்றினேன். முன்சக்கர இயக்கம் உள்ள கார் என்பதால் முன்டயர்கள்தான் சீக்கிரம் தேய்கின்றன. ஆகவே இடப்பக்கத்து முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றி, வலப்பக்கத்திலும் அவ்வாறே செய்து, நான்கிலும் 35 பிஎஸ்ஐ காற்று நிரப்பி வேலையை முடித்துக்கொண்டேன். டயர்களின் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார்களைப் பற்றி அன்று நான் நினைக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து மஞ்சள் விளக்கு எரிந்தது. முன் இடது டயரில் 26 பிஎஸ்ஐ என்று திரை காட்டியது. இறங்கிக் கையளவியால் அளந்தால் அதே டயரில் 35 இருந்தது. அளவி பொய் சொல்கிறதோ என்று வேறோர் அளவியால் பார்த்தேன். அதுவும் 35 என்றே சொன்னது. சென்சார் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, புதிய ஒன்றை வாங்கும் அளவுக்குப் போய்விட்டேன். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது நல்லதாயிற்று. முன் இடது டயரில் வேண்டுமென்றே 3 பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து திரையைப் பார்த்தேன். முன் இடது எண் 26 ஆகவே இருக்க, பின் இடது எண் 38 ஆக உயர்ந்திருந்தது. பின் இடது டயரைத் தடவிப் பார்த்தபோது அதில் ஓர் ஆணி குத்தியிருந்தது. அளந்ததில் 26.

காரணம் எளிமையானது. வால்வோடு சேர்ந்து சக்கரத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. அது அந்த எண்ணையும் அழுத்தத்தையும் வானொலி அலையில் அனுப்புகிறதே தவிர, தான் எந்த மூலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எந்த எண் எந்த மூலைக்கு உரியது என்ற பட்டியல் காரின் நினைவகத்தில் இருக்கிறது. சக்கரத்தை நான் மாற்றினேன், பட்டியலை மாற்றவில்லை. எனவே எச்சரிக்கை உண்மை, அது சுட்டிய இடம் மட்டும் தவறு.

ஆணியைப் பிடுங்கி ஒட்டுப்போட்ட பின், அடுத்த ஞாயிறன்று பட்டியலைத் திருத்த உட்கார்ந்தேன். இந்த நிறுவனத்தின் பழைய கார்களில் கருவி இல்லாமலேயே, கற்கும் நிலையில் காரை வைத்து ஒவ்வொரு டயரிலும் சில விநாடிகள் காற்றை இறக்கினால் சென்சார் விழித்துக்கொண்டு செய்தி அனுப்பும், அது கிடைத்ததும் காரின் ஹார்ன் ஒலிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். முன் இடது டயரில் அழுத்தத்தை 8 பிஎஸ்ஐ குறைத்துப் பார்த்தும் ஹார்ன் ஒலிக்கவில்லை. என் காருக்கான கையேடு கருவியைத்தான் சொல்கிறது. சென்சார் அருகே 125 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை உண்டாக்கி அதை எழுப்பும் கருவி அது. எழுந்த சென்சார் 315 மெகாஹெர்ட்ஸில் காருக்குப் பதில் தருகிறது. 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும், ஒரே பொத்தான் கொண்ட மலிவான கருவி ஒன்றை வரவழைத்தேன்.

நான் செய்த முறை இது. கைபிரேக்கைப் போட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பினேன். இண்டிகேட்டர் தண்டிலுள்ள மெனு பொத்தானால் வாகனத் தகவல் பகுதிக்குச் சென்று, டயர் அழுத்தப் பக்கத்தை வரவழைத்து, செட் பொத்தானை அழுத்திப் பிடித்து, உறுதிசெய்ய மீண்டும் ஒருமுறை அழுத்தியதும் ஹார்ன் இருமுறை ஒலித்து, திரையில் TIRE LEARNING ACTIVE என்று வந்தது. அதிலிருந்து முதல் டயரை முடிக்க 2 நிமிடம், நான்கையும் முடிக்க மொத்தம் 5 நிமிடம். தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கருவியை வால்வுக்கு அருகில் டயரின் பக்கச்சுவரில் வைத்து அழுத்த வேண்டும். நான் முதலில் ரிம்மின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. ரப்பர் வழியாகச் செல்லும் புலத்தை உலோகம் மறித்துவிடுகிறது. இடத்தைச் சற்று மாற்றியதும் ஹார்ன் ஒருமுறை ஒலித்தது.

அடுத்த தவறு அதைவிட நுட்பமானது. முன் இடதுக்குப் பின் நான் அருகிலிருந்த பின் இடதுக்குப் போய், காரின் பின்புறமாகச் சுற்றி, பின் வலது, முன் வலது என்று முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒலித்தது, இறுதியில் இருமுறை ஒலித்து நிறைவையும் அறிவித்தது. ஆனால் கார் எதிர்பார்க்கும் வரிசை முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்பதாகும். நான் எங்கே நிற்கிறேன் என்பதைக் கார் பார்ப்பதில்லை. இரண்டாவதாக வந்த எண்ணை முன் வலது என்று எழுதிக்கொள்கிறது. ஆகவே முன் இடதும் பின் வலதும் சரியாகப் பதிந்து, முன் வலதும் பின் இடதும் ஒன்றுக்கொன்று மாறிப்போயின. ஹார்ன் ஒலிப்பது எண் கிடைத்ததற்குச் சான்றே ஒழிய இடம் சரி என்பதற்குச் சான்றல்ல. இரண்டாம் முறை சரியான வரிசையில் செய்து, மூன்று டயர்களில் 35, 37, 39 என்று அழுத்தத்தை வேறுபடுத்தி, நான்காவதில் 33 வைத்து ஓட்டிப் பார்த்துத்தான் நம்பினேன். பிறகு எல்லாவற்றையும் 35க்குக் கொண்டுவந்தேன்.

நவம்பரில் பனிக்கால டயர்களை அவற்றுக்குரிய தனி ரிம்களோடு மாட்டினேன். அவற்றில் இருந்தவை காருக்குப் பழக்கமில்லாத புதிய சென்சார்கள். இப்போது விளக்கு வேறுவிதமாக நடந்துகொண்டது: சற்று ஓட்டியதும் ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு அணையாமல் நின்றது. மினுக்காமல் எரிந்தால் காற்று குறைவு, மினுக்கிய பின் நிலைத்தால் சென்சாரின் பதில் காருக்கு வரவில்லை என்று பொருள். என் காரில் அதே கருவி, அதே வரிசை போதுமானதாக இருந்தது. எழுப்பப்பட்ட எண் புதியதானாலும் கார் அதை ஏற்றுக்கொள்கிறது. சென்சார்கள் வெற்று நிலையில் விற்கப்பட்டிருந்தால் இது பலித்திருக்காது. அத்தகையவற்றில் கார் வகைக்குரிய நிரலை முதலில் ஏற்ற வேண்டும், அதற்கு விலை கூடிய வேறு கருவி தேவை. நான் நிரல் ஏற்றப்பட்டவையாகவும் 315 மெகாஹெர்ட்ஸ் வகையாகவும் கேட்டு வாங்கியிருந்தேன். 433 வகையை மாட்டியிருந்தால் கார் கேட்டிருக்கவே முடியாது.

நண்பரின் பழைய டொயோட்டாவில் நிலைமை தலைகீழ். அதன் விளக்கு எந்த டயர் என்று சொல்வதில்லை. ஆகவே இடம் மாற்றிய பின் கற்பிக்க எதுவுமில்லை. ஆனால் புதிய சென்சார் போட்டால், அதன் எண்ணை ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள, பழுது கண்டறியும் கருவியை இணைக்கும் துளை வழியாகக் கணினிக்கு எழுதியாக வேண்டும். அந்தக் காரிலுள்ள டயர் அழுத்த ரீசெட் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அது நடக்காது. அந்தப் பொத்தான் இப்போதுள்ள அழுத்தத்தை அளவுகோலாகப் பதிந்துகொள்வதற்கே. அவர் டயர்களில் காற்று குறைந்திருந்தபோது விளக்கை அணைக்கவென்று அதை அழுத்திவிட்டிருந்தார். அதன்பின் குறைந்த அழுத்தமே சரியான அழுத்தம் என்று கார் நம்பிக்கொண்டிருந்தது. சரியான அளவுக்குக் காற்றேற்றி, அதே பொத்தானை மறுபடி அழுத்தினோம். சக்கரத்தில் சென்சாரே இல்லாமல், ஏபிஎஸ் தரும் சுழல்வேகத்தை ஒப்பிட்டுக் காற்றுக் குறைவை அறியும் கார்களிலும் இதே ஒழுங்குதான்: முதலில் காற்று, பிறகு அளவுத்திருத்தம், பிறகு சிறிது நேரம் ஓட்டுதல். கருவிக்கு அங்கே வேலையில்லை.

கழற்றி வைத்த கோடைச் சக்கரங்களில் எது எங்கிருந்தது என்று சாக்கட்டியால் உட்புறம் எழுதிவைத்திருக்கிறேன். கருவியிலிருந்த மின்கலத்தையும் எடுத்துவிட்டேன். இன்று காலை திரையில் நான்கு மூலைகளிலும் 33 என்று இருந்தது. இரவு பனி உறைந்திருந்ததால் அந்த 2 பிஎஸ்ஐ குறைந்திருக்கிறது, மாலையில் ஏற்ற வேண்டும்.