62 பேருக்கு ஒரு விடைபெறும் மெயில்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் பர்சேஸ் பிரிவில் 9 வருடம் இருந்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை விடைபெற்றேன். 60 நாள் நோட்டீஸில் பொறுப்பு ஒப்படைப்பது, பாக்கிக் கணக்கு முடிப்பது எல்லாம் வரிசையாக நடந்தன. என்னை அலைக்கழித்தது கடைசி நாளில் எல்லோருக்கும் அனுப்ப வேண்டிய மெயில்தான். 100 சொல்லைக்கூடத் தொடாத அந்த மெயிலுக்கு எனக்கு 8 நாள் ஆனது.

முதல் வரைவை முந்தைய வாரம் வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். கை ஓடிக்கொண்டே இருந்தது. முடித்துப் பார்த்தால் இரண்டு பக்கம். நன்றாக வந்திருக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் பிரிண்ட் எடுத்துப்போய், மதியம் சாப்பிடும்போது அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் கொடுத்தேன். நான் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்துகொண்டவர் அவர். நிதானமாகப் படித்தார். பிறகு கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து நாலு இடத்தில் கோடு போட்டார்.

"ஏங்கண்ணு, இது எங்களுக்கு எழுதுனதா, வேற யாருக்காச்சுமா?"

நான் யாரையும் குறை சொல்லவில்லையே என்றேன். கோடு போட்ட இடங்களை வாசிக்கச் சொன்னார். "எத்தனையோ தடைகளுக்கு நடுவிலும்" என்று ஓர் இடம். "என் உழைப்பு சிலர் கண்ணில் படாமல் போனாலும்" என்று இன்னொன்று. மூன்றாவது, "நல்ல வாய்ப்பு அமைந்ததால் செல்கிறேன்". அது எனக்குச் சாதாரண வரியாகத்தான் பட்டது. "அப்போ இங்க நல்ல வாய்ப்பு இல்லைன்னுதான படிக்கறவங்க எடுத்துக்குவாங்க? இங்கயே இருக்கறவங்களுக்கு அது எப்படி இருக்கும்?" என்றார். சரிதான். போவதற்குக் காரணம் சொல்லத் தொடங்கினாலே, இருக்கும் இடம் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது.

நாலாவது கோடு ஒரு முழுப் பத்திக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஓடியது. அதுதான் மெயிலிலேயே எனக்குப் பிடித்த பத்தி.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம். கோடை நெருங்கினால் போர்வெல் மோட்டார்களுக்குத் தேவை ஏறும். மூன்று ஷிஃப்ட்டும் ஓடும். அந்த நேரத்தில் வைண்டிங்குக்கான காப்பர் வயர் ஒரே ஒரு நாள் கையிருப்புக்கு வந்துவிட்டது. சரக்கு ஏற்றி வந்த லாரி பெருந்துறைக்குப் பக்கத்தில் ஆக்ஸில் உடைந்து நின்றது. ஸ்டோர்ஸ் அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு டெம்போவில் கிளம்பினார். ரோட்டோரத்திலேயே ரீல்களை மாற்றி ஏற்றிக்கொண்டு திரும்பியபோது ராத்திரி ஒன்றேமுக்கால். வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆட்கள் கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்து இறக்கினார்கள். காலை 6 மணி ஷிஃப்ட் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

இதை நான் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "ஆர்டருக்கு ஒப்புதல் 9 நாள் தாமதமானதால் காப்பர் வயர் தீர்ந்துபோக, நம் ஆட்கள்தான் ராத்திரி முழுக்க நின்று கம்பெனியைக் காப்பாற்றினார்கள்." நடந்ததில் பொய் இல்லை. ஒப்புதல் தாமதமானது உண்மை, அதற்காக நான் திட்டு வாங்கியதும் உண்மை. ஆனால் வாக்கியத்தைப் படிக்கிறவர் முதலில் நிற்கும் இடம் அந்த 9 நாள்தான். யார் தாமதம் செய்தது என்று யோசிப்பார். லாரியும் டெம்போவும் பின்னால் போய்விடும். அந்த அண்ணனுக்குச் செலுத்த நினைத்த நன்றியை வேறொருவர் மேல் எறியும் கல்லாக ஆக்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஆதங்கத்தை எங்கேயாவது வைத்தாக வேண்டும் அல்லவா? திங்கட்கிழமை எச்.ஆர். பிரிவில் எக்ஸிட் இன்டர்வியூ இருந்தது. ஒப்புதல் விஷயத்தையும், இரண்டு முறை கைநழுவிய பதவி உயர்வையும் தேதியோடு, யார் மேலும் வசை இல்லாமல் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். இருபது நிமிடம்தான் ஆகியிருக்கும். மெயில் எனக்கு எழுத வந்தது அன்று மாலைதான். வரிசை மாறி, மெயிலை முதலில் அனுப்பிவிட்டு எக்ஸிட் இன்டர்வியூவுக்குப் போயிருந்தால் அத்தனையும் மெயிலில்தான் கொட்டியிருக்கும்.

அடுத்த சிக்கல் பெயர்கள். இரண்டாவது வரைவில் 14 பேருக்குப் பெயர் சொல்லி நன்றி எழுதினேன். பதினைந்தாவது ஆள் யார் என்று யோசித்தபோது டெஸ்டிங் பிரிவுத் தம்பியின் முகம் வந்தது. அவனைச் சேர்த்தேன். உடனே கேன்டீன் அண்ணன் ஞாபகம். 20 தாண்டியதும் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது, யார் பெயருக்கும் கனம் இல்லை. எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு, செய்த காரியத்தை மட்டும் வைத்தேன். டெம்போவில் போனவருக்குத் தான்தான் அது என்று தெரியும். தனியாகச் சொல்ல வேண்டிய ஐந்து பேரிடம் அவரவர் இடத்துக்கே போய் நேரில் சொன்னேன். நான் கிளம்புகிறேன் என்பதை மெயிலில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

எங்கள் ஆபீஸ் மெயிலெல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடும். இதை மட்டும் தமிழில் எழுதினேன். கடைசியில் போனது இதுதான்:

பொருள்: நன்றி – இன்று என் கடைசி வேலை நாள்

பர்சேஸ், ஸ்டோர்ஸ், பிளானிங், வைண்டிங், டெஸ்டிங், அக்கவுண்ட்ஸ் நண்பர்களுக்கு வணக்கம்.

இன்று நம் கம்பெனியில் என் கடைசி நாள். 9 வருடத்துக்கு முன், ஒரு பர்சேஸ் ஆர்டர் போடக்கூடத் தெரியாமல் வந்தேன். இன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களிடம் கற்றதுதான்.

ஒரு மார்ச் மாத ராத்திரி, காப்பர் வயர் லாரி பெருந்துறையில் நின்றுபோனது. அன்றைக்கு டெம்போவில் போனவர்களையும், ஒன்றேமுக்கால் மணிக்கு ரீல் இறக்கியவர்களையும், காலை ஷிஃப்ட்டில் வைண்டிங்கைத் தொடங்கியவர்களையும் நான் மறக்கமாட்டேன்.

என் வேலைகளை இனி நம் பிரிவுத் தம்பி பார்த்துக்கொள்வார். நிலுவையில் உள்ள ஆர்டர்களின் விவரம் முழுக்க அவரிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் ஈரோட்டில் புதிய வேலையில் சேர்கிறேன். என் சொந்த மெயில் முகவரி கீழே. அந்தப் பக்கம் வந்தால் அவசியம் சொல்லுங்கள்.

அன்புடன்,

கீழே என் பெயரும் முகவரியும். அவ்வளவுதான்.

எழுதி முடித்த பிறகும் அனுப்புவதில் கொஞ்சம் வேலை இருந்தது. கம்பெனி முழுக்கப் போகும் குரூப் முகவரிக்கு யாரும் நேரடியாக அனுப்ப முடியாது, எச்.ஆர். அனுமதித்தால்தான் போகும். மேலும், என்னைத் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்கு நான் போவது ஒரு செய்தியே இல்லை. அதனால் என்னோடு வேலை பார்த்த 62 பேரை மட்டும் எடுத்தேன். To கட்டத்தில் என் முகவரி, மற்றவர்களை எல்லாம் Bcc கட்டத்தில் போட்டேன். இல்லாவிட்டால் ஒருவர் "ஆல் தி பெஸ்ட்" என்று எல்லோருக்கும் பதில் போட, மதியம் வரை 62 பேருக்கும் மெயில் குவிந்துகொண்டே இருக்கும். Bcc போட்டால் யார் யாருக்குப் போனது என்று படிப்பவருக்குத் தெரியாது. பிரிவுகளின் பெயரை முதல் வரியிலேயே வைத்தது அதற்காகத்தான்.

ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. முதல் சில எழுத்தைத் தட்டியதும் அவுட்லுக் தானாக ஒரு பெயரை நிரப்பும் அல்லவா? அது பிளானிங் சாருக்குப் பதிலாக, அதே பெயரில் உள்ள ஒரு சப்ளையரை நிரப்பியிருந்தது. சப்ளையர்களுக்கு நானாகச் சொல்வது சரியல்ல. புதியவரை அறிமுகப்படுத்தி மேனேஜர்தான் எழுத வேண்டும், அந்த மெயில் இன்னும் போகவில்லை. பட்டியலை ஒவ்வொரு பெயராகக் கிளிக் செய்து முகவரியைப் பார்த்ததால் தப்பித்தேன். கடைசி நாளில் ஒரு சப்ளையர் போன் போட்டு "என் பில் என்னாச்சுங்க மேடம்?" என்று பதறியிருப்பார்.

எப்போது அனுப்புவது என்பதற்கு முன்பு பார்த்த ஒரு சம்பவம் உதவியது. எங்கள் பிரிவில் ஒரு சார் கடைசி நாளன்று 5:20-க்கு அனுப்பிவிட்டுப் போனார். 5:30-க்கு அவர் மெயில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நாங்கள் எழுதிய பதில் ஒன்றையும் அவர் பார்க்கவே இல்லை. யாருமே எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் எனக்கு எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று ஐ.டி. பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். எனக்கும் 5:30தான். காலை டீ முடிந்து எல்லோரும் இடத்துக்குத் திரும்பும் 11 மணிக்கு அனுப்பினேன். பதில் வந்த ஒவ்வொருவருக்கும் திரும்ப ஒரு வரி எழுத நேரம் இருந்தது. தொடர்பு எண்களை மொத்தமாக என் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளவில்லை, அது கம்பெனி விதிக்கு எதிரானது. வேண்டியவர்கள் அவர்களாகவே சொந்த முகவரிக்கு எழுதினார்கள்.

ஆனால் ரீல் இறக்கியவர்களுக்கும் வைண்டிங் அக்காக்களுக்கும் கம்பெனி மெயிலே கிடையாது. யாரை மனதில் வைத்து எழுதினேனோ அவர்களுக்குப் போகாத மெயில் எதற்கு என்று தோன்றியது. சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்திலிருக்கும் நோட்டீஸ் போர்டில் குத்தினேன்.

இரண்டாவது ஷிஃப்ட் இரண்டு மணிக்கு உள்ளே வந்தது. நாலு மணிக்கு ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அந்த வழியாக வந்தேன். அந்த ராத்திரி ரீல் இறக்கிய அண்ணன்களில் ஒருவர் போர்டுக்கு முன்னால் நின்று, விரலை வரிக்கு வரி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒன்றேமுக்கால் இல்லீங்க மேடம், ரெண்டு மணி தாண்டிருச்சு" என்றார். பேனாவை வாங்கி, போர்டிலேயே அதைத் திருத்திவிட்டு வந்தேன்.