ஆடி ஞாயிறும் எங்கள் எஸ்எஸ்எல்சி பேட்ச்சும்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் 1996இல் எஸ்எஸ்எல்சி எழுதிய பேட்ச் நாங்கள். அந்த வருஷம் பரீட்சை முடிந்ததுமே பாதிப்பேர் சித்தூர் அரசுக் கல்லூரியில் பிரீடிகிரி சேர்ந்தார்கள், மீதிப்பேர் எல்லை தாண்டி பொள்ளாச்சியில் பிளஸ் டூ போனார்கள். அதோடு சரி. ஒரு கூட்டம் கேரளத்து ரேஷன் கார்டு, அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சை, வில்லேஜ் ஆபீஸ் என்று போயிற்று, இன்னொரு கூட்டம் கோவை, திருப்பூர் கம்பெனிகளுக்குப் போயிற்று. போன வருஷம் எல்லாரையும் கூட்டினோம். அது ஒருநாள் பிரியாணியோடு முடியாமல் இப்போதும் ஒருத்தருக்கொருத்தர் வேலைக்கு ஆகிற மாதிரி ஓடுகிறது. எப்படிச் செய்தோம் என்று சில பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் நாலைந்து பேர் டீக்கடையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் போட்டோம். அதை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிந்தது. எங்கள் தெருக்காரர்கள், டியூஷனில் கூட இருந்தவர்கள், நல்ல மார்க் வாங்கியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். காலனியிலிருந்து வந்தவர்களில் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற பேர்தான் இருந்தார்கள். ஃபெயில் ஆனவர்கள் அநேகமாக இல்லை. அப்போதெல்லாம் 600க்கு 210 வாங்கினால் பாஸ், அந்த 210ஐத் தொடாதவனை அதற்கப்புறம் யாரும் தேடவில்லை என்பதுதான் உண்மை.

சரி, ஞாபகம் வேண்டாம், பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்ப்போம் என்று ஹெட்மாஸ்டரிடம் போனோம். அவர் ரிஜிஸ்டரைக் கையில் கொடுக்கவில்லை, போட்டோ எடுக்கவும் விடவில்லை, அது சரியும்கூட, பிறந்த தேதி, சாதி எல்லாம் அதில் இருக்கும். பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் மட்டும் ஆபீஸில் இருப்பவர் வாசிக்க நாங்கள் எழுதிக்கொண்டோம். அங்கேயே ஒரு முடிவும் எடுத்தோம்: பத்தாவது பாஸ் ஆனவர் இல்லை, எட்டாவதில் எங்களோடு உட்கார்ந்த எல்லாரும் பேட்ச். நடுவில் நின்றவர்களும் சேர்த்தி. இந்த ஒரு முடிவால் பட்டியல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. பின்னால் அதிகம் உபயோகப்பட்டவர்களும் இந்த இரண்டாவது பாதிதான், ஏனென்றால் லாரி ஓட்டுகிறவர், எலக்ட்ரீஷியன், தென்னை ஏறுகிறவர், ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவர் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள்.

ஆண்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஒருத்தன் கிடைத்தால் மூன்று பேர் கிடைப்பான். பெண்கள்தான் சிரமம். கல்யாணமாகி ஊர் மாறியிருக்கும், போன் நம்பர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், முன்பின் தெரியாத ஆண் குரல் கூப்பிட்டு "உங்க வீட்டம்மாகூடப் படிச்சேன்" என்றால் எந்த வீட்டில் நல்லபடியாக எடுத்துக்கொள்வார்கள்? அதனால் பெண்களைப் பெண்கள்தான் தேடுவது என்று வைத்தோம். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் அயல்கூட்டம் பெரிய உதவி. கூட்டத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒருத்தருக்கு யாராவது ஒருத்தரைத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தவர்களுக்கு, அம்மா வீட்டுக்கு நேரில் போய் அம்மாவிடம் கேட்டு, அவர்களே கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நம்பர் வாங்கினோம்.

வாட்ஸப் குரூப்பிலும் இதே பிரச்சினை. சாதாரண குரூப்பில் போட்டால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அதனால் கம்யூனிட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தொடங்கினோம். அதன் அறிவிப்புப் பகுதியில் அட்மின்தான் எழுத முடியும், உறுப்பினர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. அரட்டைக்குத் தனி குரூப், விருப்பமுள்ளவர்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம். குட் மார்னிங் ரோஜாவும் கட்சிச் சண்டையும் அந்தப் பக்கம் போய்விட்டதால், அறிவிப்பு வந்தால் ஆட்கள் இன்றைக்கும் திறந்து பார்க்கிறார்கள்.

தேதிக்கு நிறைய யோசித்தோம். ஓணத்துக்குக் கேரளக்காரர்கள் வருவார்கள், திருப்பூர்க்காரர்களுக்கு லீவு இல்லை. பொங்கலுக்கு அது தலைகீழ். கடைசியில் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றைப் பிடித்தோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, இந்தப் பக்கம் கர்க்கடகத்திலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆக மண்டபம் காலி, வாடகையும் பேசிக் குறைக்கலாம், சமையல்காரரும் சும்மா இருப்பார். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருகிற பெண்களும் அப்போதுதான் ஊரில் இருப்பார்கள். எங்கள் கிழக்குப் பக்கம் அந்த மாதம் மழையை விடக் காற்றுதான் அதிகம், பேனர் மட்டும் கிழிந்தது.

பணத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கவில்லை. நிர்ணயித்தால் தினக்கூலிக்காரர் "அன்னிக்கு வேலை இருக்கு" என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார், காரணத்தைச் சொல்லவும் மாட்டார். இரண்டு பேர் கையெழுத்தில் ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட், முடிந்தவர்கள் போடுங்கள், யார் எவ்வளவு என்று யாருக்கும் சொல்ல மாட்டோம், மொத்த வரவும் செலவும் மட்டும் அறிவிப்பில் வரும். அதிகம் கொடுத்தவருக்குப் பொன்னாடை உண்டா என்று ஒருத்தர் நேரடியாகவே கேட்டார். இல்லை என்றோம். கொஞ்சம் முகம் வாடியது, ஆனாலும் போட்டார். பொன்னாடை டீச்சர்களுக்கு மட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் மேடையேறி ஆளுக்கு இரண்டு நிமிஷம் "நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கேன்" என்று சொல்வார்கள், கைதட்டுவார்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் மறந்துபோகும். படிவம் கொடுத்து "நீங்கள் என்ன உதவி செய்ய முடியும்" என்று கேட்டாலும் "என்னால் ஆன எல்லா உதவியும்" என்றுதான் எழுதுவார்கள், அதை வைத்து யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் நாங்கள் மேடைப் பேச்சை டீச்சர்களோடு நிறுத்திவிட்டு, ஜோடி போட்டு உட்காரவைத்தோம். கேரளத்தில் இருப்பவர் ஒருத்தர், தமிழ்நாட்டில் இருப்பவர் ஒருத்தர். ஒருத்தர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும், கேட்டவர்தான் சீட்டில் எழுத வேண்டும். எழுத வராதவர் யார் என்பது இதில் வெளியே தெரியாது. கேள்வி "என்ன வேலை" இல்லை, "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள்" என்பது.

என் ஜோடி பி டிவிஷன்காரர், கோவையில் இருக்கிறார். அந்தக் காலத்தில் வாடா போடா என்று பேசியவர்கள்தான், ஆனால் முதல் பத்து நிமிஷம் "சொல்லுங்க", "ஆமாங்க" என்றே ஓடிற்று. "சும்மா ஒரு ஆஸ்பத்திரில கணக்கு எழுதறேனுங்க" என்றார். செவ்வாய்க்கிழமையைக் கேட்டதும்தான் விஷயம் வந்தது: இன்சூரன்ஸ் அட்டையோடு வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்து அனுமதிக்கு அனுப்புவது, எது திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்வது, டிஸ்சார்ஜ் பில்லைப் பிரித்துப் பார்ப்பது. இதைத்தான் சீட்டில் எழுதினேன். சீட்டின் கீழே இன்னொரு வரி: இப்போது உங்களுக்கு என்ன தேவை. அவருடைய மாமியார் வீட்டுப் பூர்வீக நிலம் வண்ணாமடைப் பக்கம் இருக்கிறது, வில்லேஜ் ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றார். எங்களில் ஒருத்தர் அந்த ஆபீஸ் வேலைகளில் பழகியவர், சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்தோம்.

சீட்டுகளை மூன்று பேர் உட்கார்ந்து ஒரு ஷீட்டில் ஏற்றினார்கள். எல்லாருக்கும் அந்த ஷீட் கிடையாது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சி, கோவை, திருப்பூர் என்று ஏரியாவுக்கு ஒரு ஆள், பெண்களுக்குத் தனியாக இரண்டு பேர். தேவை உள்ளவர் தன் ஏரியா ஆளிடம் சொல்வார், அவர் ஷீட்டைப் பார்த்து, அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் நம்பர் கொடுப்பார். குரூப்பில் பொதுவாகப் போட்டால் எல்லாரும் கைகூப்பிய பொம்மை போடுவார்கள், ஒருத்தரும் எழுந்து வர மாட்டார்கள். கடன் கேட்பதும், ஏலச்சீட்டு, பாலிசி, சங்கிலி வியாபாரம் பேசுவதும் கிடையாது என்று முதல்நாளே சொல்லிவிட்டோம். அப்படியும் ஒருத்தர் வரிசையாகக் கூப்பிட்டு ஊட்டச்சத்துப் பொடி விற்றார். புகார் வந்ததும் ஏரியா ஆள் பேசி நிறுத்தினார்.

வேலை செய்கிறதா என்பது இரண்டு விஷயத்தில் தெரிந்தது. சித்தூரில் இருக்கும் ஒருத்திக்கு வீட்டுக்காரருக்கு இருதய அடைப்பு. நேராகக் கோவைக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார்கள், கையில் கேரளத்துக் காருண்யா காப்பீட்டு அட்டை. அவள் ஏரியா ஆளிடம் சொல்ல, அது என் ஜோடிக்காரரிடம் போய், அவர் அந்த ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்டுவிட்டு, "இங்க இந்த அட்டை எடுபடாதுங்க, சேர்த்த பிறகு தெரிஞ்சா கைக்காசுதான்" என்று அன்றைக்கே சொன்னார். திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்குப் போனார்கள். மிச்சமான செலவை நினைத்தால், அதற்கு ஆனது ஒரு போன்தான்.

இன்னொன்று பிஎஸ்சி. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கிளார்க் வேலைக்குத் தனி அறிவிப்பு வரும், தமிழ் மீடியம் ஆசிரியர் வேலைக்கும் வரும். விண்ணப்பித்தால் போதாது, பரீட்சைக்கு முன்னால் குறித்த தேதிக்குள் எழுதுவேன் என்று புரொஃபைலில் கன்ஃபர்மேஷன் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் விண்ணப்பம் போச்சு. எங்கள் வகுப்புத் தோழி ஒருவரின் மகள் விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருந்தாள், பதிந்து கொடுத்த நம்பரை எப்போதோ மாற்றியிருந்தாள், மெசேஜ் வரவில்லை. எங்களில் தமிழ் டீச்சராக இருப்பவர் கன்ஃபர்மேஷன் தேதியை அறிவிப்பில் போட்டதால் தப்பித்தாள். இப்போது அந்த டீச்சர்தான் பிஎஸ்சி தேதிகளுக்குப் பொறுப்பு.

கூட்டம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சத்தம் அடங்கிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, குரூப்பில் பேச்சு குறைந்து ஏரியா ஆட்களுக்குப் போன் வந்தால் நல்லது. அவர்களுக்கும் போன் வரவில்லை என்றால்தான் கவலை. கோவைக்காரர்கள் அவ்வப்போது ஈச்சனாரி கோயிலில் சந்திக்கிறார்கள், அங்கே ஷீட்டைத் திருத்துகிறார்கள், ஏனென்றால் வேலை மாறுகிறது, நம்பர் மாறுகிறது, பழைய ஷீட்டை நம்பி இரண்டு தடவை தப்பான ஆளைக் கூப்பிட்டால் மூன்றாம் தடவை யாரும் கேட்க மாட்டார்கள். திருப்பூர் ஏரியா ஆள் நைட் ஷிப்டுக்கு மாறிவிட்டதால் அங்கே மட்டும் மந்தம், வேறு ஆள் தேடுகிறோம்.

சங்கமாகப் பதிவு செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஏழு பேர் இருந்தால் சொசைட்டியாகப் பதியலாம், ஆனால் அதற்கு பைலா, தலைவர், செயலாளர், வருஷாவருஷம் கணக்கு என்று எல்லாம் வேண்டும், தலைவர் பதவி என்று ஒன்று வந்ததும் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போதைக்கு ஜாயின்ட் அக்கவுண்ட்டில் மீதமிருப்பது அடுத்த ஆடிக்கு மண்டப அட்வான்ஸ் கொடுக்கப் போதும், அந்தத் தேதியையும் பேசி வைத்தாகிவிட்டது.