ஐந்து பேர், 95 மணி நேரம்: குழுப் பணிக்கு நான் எழுதிய மின்னஞ்சல்

முதுகலைப் பொருளியல் முதல் பருவத்தில் எங்கள் குழுப் பணி கெட்டுப்போனதற்குச் சோம்பல் காரணமில்லை. ஆளுக்கு ஓர் இயல் என்று பங்கிட்டோம். ஐந்து இயல், ஐந்து பேர், எல்லாம் சரிசமம் என்று நம்பினோம். முன்னுரை எழுதியவர் ஒரே பிற்பகலில் மூன்று பக்கம் எழுதிவிட்டு விடுபட்டுவிட்டார். நான்காம் இயல், அதாவது தரவுப் பகுப்பாய்வு, ஒரு தோழியின் தலையில் விழுந்தது. களத்திலிருந்து கடைசிப் படிவம் அவளிடம் வந்தபோது ஒப்படைக்க இரண்டு இரவுகள்தான் மிச்சமிருந்தன. அட்டவணைகளில் கூட்டுத்தொகை தவறியிருந்தது. மதிப்பெண் குறைந்ததைவிட, அந்தப் பழி அவள்மேல் விழுந்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அவளுடைய வேலை களத்திலிருந்து படிவங்கள் எல்லாம் வந்த பிறகுதான் தொடங்க முடியும் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடியும் ஐந்து பேர் கொண்ட குழு. மதுரையில் ஒரு குடியிருப்பில் 40 வீடுகளில் நீர்ப் பயன்பாடு குறித்துக் கேட்டறிந்து அறிக்கை எழுத வேண்டும். ஒப்படைக்கும் நாள் ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. இந்த முறை பங்கீட்டை மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது என்று முடிவெடுத்தேன். வாட்ஸ்அப்பில் பேசியது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு இடையே மேலே போய்விடும். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று யாராவது சொன்னால், தேடிக் காட்டுவதற்குள் மனக்கசப்பு வந்துவிடும்.

எழுத உட்கார்ந்தபோது இயல்களை ஒதுக்கி வைத்துவிட்டு மணி நேரத்தைக் கணக்கிட்டேன். ஒரு வீட்டுக்கு நடையும் பேச்சும் சேர்த்து அரை மணி நேரம். 40 வீட்டுக்கு 20 மணி நேரம். மற்ற வேலைகள் 55 மணி நேரம். மொத்தம் 75, ஆளுக்கு 15 என்று போட்டு வியாழக்கிழமை அனுப்பினேன். அன்றிரவே பா. பதில் எழுதினாள் (பெயர்களுக்குப் பதில் முதலெழுத்துகளையே தருகிறேன்): "மாலையில் தெரியாத தெருவுக்கு நாங்கள் தனியாகப் போக மாட்டோம். இருவர் இருவராகத்தான் போவோம் என்று நாமே பேசியிருக்கிறோம். அப்படியானால் ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் அல்ல, ஒரு மணி நேரம்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. களப்பணி 20 அல்ல, 40 மணி நேரம். என் முதல் கணக்கில் அவளுக்கு 14 மணி நேரம் என்று இருந்தது. உண்மையில் அது 19. அந்தக் கணக்கிலேயே போயிருந்தால், களத்துக்குச் செல்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் உழைத்தும், தாளில் எல்லோரும் சமமாகத் தெரிந்திருப்போம். இப்படித் திருத்தம் வருவதற்காகத்தான் முதல் மின்னஞ்சலை "முடிவு" என்று எழுதாமல் "யோசனை" என்று எழுத வேண்டும். முடிவு என்று எழுதியிருந்தால் அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பாள்.

திருத்திய பின் சனிக்கிழமை, ஆகஸ்ட் 3 அன்று அனுப்பிய மின்னஞ்சல் இது.

பொருள்: நீர்ப் பயன்பாட்டு ஆய்வு: திருத்திய வேலைப் பங்கீடு (திங்கள் இரவு 9 மணிக்குள் பதில் வேண்டும்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பா. சுட்டிக்காட்டிய திருத்தத்தைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டிருக்கிறேன். களப்பணி 40 மணி நேரம், வினாப்படிவம் தயாரித்துச் சோதிக்க 6, தரவைக் கணினியில் ஏற்ற 6, அதைச் சரிபார்க்க 2, அட்டவணையும் வரைபடமும் 10, எழுதுவது 18, தொகுத்துச் செப்பனிட 8, விளக்கவுரைக்கான படங்கள் 5. மொத்தம் 95. ஆளுக்குச் சராசரியாக 19 வருகிறது.

நி. மாலையில் ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பதால் களத்துக்கு வர இயலாது. அதற்கு ஈடாக, படிவத்தைத் தட்டச்சு செய்வது (2), தரவு ஏற்றுவது (6), அட்டவணைகள் (10) ஆகியவற்றை அவர் ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இது 18 மணி நேரம். செ. வினாக்களை எழுதிச் சோதிப்பது (4), களம் (10), படங்கள் (5): 19. ம. களம் (10), முன்னுரையும் ஆய்வு முறையும் (9): 19. பா. களம் (10), கண்டறிந்தவையும் முடிவுரையும் (9): 19. நான் களம் (10), தரவைச் சரிபார்ப்பது (2), தொகுப்பது (8): 20.

தேதிகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டிருக்கிறேன். 30 வெள்ளி ஒப்படைப்பு. 29 வியாழன் அச்சும் கட்டும். 28 புதன் மாலை ஐவரும் நூலகத்தில் உட்கார்ந்து முழுவதையும் படிப்போம். 26 திங்கள் இரவு 9 மணிக்குள் எல்லா இயல்களும் என்னிடம் வர வேண்டும். 23 வெள்ளி இரவு அட்டவணைகள் பா.வின் கையில் இருக்க வேண்டும். 20 செவ்வாய் தரவு ஏற்றி முடிய வேண்டும், அன்று நி.க்குக் கடை விடுப்பு. களப்பணி 10, 11, 15, 17, 18 ஆகிய ஐந்து விடுமுறை நாள்களில், மாலை நாலரை முதல் ஆறரை வரை. ஓர் இணை ஒரு நாளில் நான்கு வீடு. ம.வும் செ.வும் ஓர் இணை, பா.வும் நானும் ஓர் இணை. 19 திங்கள் மாலையை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறேன், விட்டுப்போன வீடுகளுக்காக. வினாப்படிவம் 9 வெள்ளிக்குள் நான்கு வீட்டில் சோதித்து, திருத்தி, படியெடுத்துத் தயாராக வேண்டும்.

இது என் யோசனைதான். வேலையை மாற்றிக்கொள்ள விரும்பினால் யாருடன் மாற்றிக்கொள்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களால் இயலாத நாள் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புதல் என்றாலும் "சரி" என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

அன்புடன்...

இதில் சில இடங்களை விளக்க வேண்டும். எல்லோருக்கும் சரியாக 19 வரும்வரை நான் மல்லுக்கட்டவில்லை. 18 முதல் 20 வரை இருந்தால் போதும். ஆனால் கூடுதலான அந்த 20, பங்கீட்டை எழுதுகிறவருக்கே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனக்குக் குறைவாக எடுத்துக்கொண்டு எழுதும் பங்கீட்டை யாரும் நியாயமானது என்று ஏற்க மாட்டார்கள்.

தரவை ஏற்றுபவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தது தற்செயல் அல்ல. தான் தட்டிய எண்ணைத் தானே பார்க்கும்போது பிழை கண்ணில் படாது. 40 படிவத்தில் பத்தை உருவியெடுத்துத் திரையோடு ஒப்பிட்டேன். ஒரு வீட்டில் 4 பேர் என்பது 44 என்று ஏறியிருந்தது. அது அப்படியே போயிருந்தால் சராசரி முழுவதும் தவறியிருக்கும்.

படிவத்தைச் சோதிக்கும் நாளை யாரும் வெட்டக் கூடாது. "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது?" என்று செ. எழுதியிருந்தாள். சோதனைக்குப் போன முதல் வீட்டில் அந்த அம்மா சிரித்துவிட்டு, "லிட்டர் யாருக்கம்மா தெரியும், குடம் கேள், சொல்கிறேன்" என்றார். அதன்பின் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் குடக் கணக்கில், குடிநீர் கேன் கணக்கில் என்று படிவம் மாறியது. குடத்தின் அளவைக் கேட்டு லிட்டராக மாற்றும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். எல்லாப் படிகளையும் எடுத்த பிறகு இது தெரிந்திருந்தால் அத்தனையும் வீண்.

பதில் வராதபோது என்ன செய்வது என்பதுதான் பலர் தடுமாறும் இடம். "திங்கள் இரவுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று கொள்வேன்" என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். மௌனமாக இருந்தவர் பிறகு "நான் பார்க்கவே இல்லை" என்பார். அதை மறுக்கவும் முடியாது. திங்கள் இரவு மூவரின் பதில் வந்துவிட்டது. ம. மட்டும் எழுதவில்லை. ஒன்பதேகாலுக்கு அவனை அழைத்தேன். ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, 11ஆம் தேதி ஞாயிறு தன்னால் வர முடியாது என்றான். சொல்லத் தயங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ஒரு நாள் செ.வுடன் போக மாற்று ஆள் தேவைப்பட்டது. செ. என்னோடும் பா.வோடும் சேர்ந்துகொண்டாள், அன்று மூவராக ஐந்து வீடு முடித்தோம். பேசிய முடிவை அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இரண்டு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். தொலைபேசியில் பேசியது எழுத்தில் வராவிட்டால் அதுவும் வாட்ஸ்அப் பேச்சைப் போலத்தான்.

வேலை நடக்கும்போது "எப்படிப் போகிறது?" என்று கேட்பதில் பயனில்லை, "போய்க்கொண்டிருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எத்தனை படிவம் கையில் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். 15ஆம் தேதி இரவு திட்டப்படி 24 இருக்க வேண்டும். 21தான் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமைக் குறைவினால். 17ஆம் தேதி மழை. இரண்டு இணையும் சேர்ந்து மூன்று வீடுதான் பார்த்தோம். 18ஆம் தேதி எட்டு. ஆக 32. திங்கள் மாலையைக் காலியாக விட்டிருக்காவிட்டால் அங்கேயே முடங்கியிருப்போம். அன்று எட்டு வீடும் முடிந்தது. நி. அதுவரை சும்மா காத்திருக்கவில்லை. முதல் 13 படிவம் வந்த உடனேயே அவற்றை ஏற்றி, எந்தெந்த அட்டவணை தேவை என்று காலிக் கட்டங்களை வரைந்து பா.வுக்கு அனுப்பிவிட்டார். எண்கள் வருவதற்கு முன்பே அவளுக்கு எதை எழுதப்போகிறோம் என்று தெரிந்திருந்தது. நான்காம் இயல்காரரைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான்.

பணி முடிந்த பின் ஆளுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று எல்லோரிடமும் கேட்டு எழுதிவைத்தேன். தரவு ஏற்றுவது 6க்குப் பதில் 5இல் முடிந்தது. களப்பணி கணக்கிட்டபடியே வந்தது. எழுதுவதில்தான் தவறிவிட்டேன்: ம.வுக்கு 9 மணி நேரம் 11 ஆனது, பா.வுக்கு 13 ஆனது. அட்டவணையைப் பார்த்து ஒரு பத்தி எழுதுவதற்கு, முன்னுரையில் ஒரு பக்கம் எழுதும் நேரம் பிடிக்கிறது. அடுத்த முறை கண்டறிந்தவற்றை எழுதுபவருக்கு 13 என்றே போட்டு, முடிவுரையை வேறொருவரிடம் கொடுப்பேன். அட்டவணை அவர் கைக்கு வரும் நாளையும் வெள்ளியிலிருந்து வியாழனுக்கு முன்னே நகர்த்துவேன்.